காயலான் கடை தொடங்குவோருக்கு: ரேட்டு, தராசு, இடம்

பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எடுத்து விற்கும் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு தராசும் ஒரு வண்டியும் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தாம்பரத்தை அடுத்த ஒரு பகுதியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தெருத்தெருவாகச் சென்று கிடைத்ததையெல்லாம் வாங்கி நிரப்பினேன். இரண்டே வாரத்தில் அறை நிறைந்துவிட்டது. கையிலிருந்த பணம் முழுவதும் அந்தச் சரக்கில் முடங்கிக் கிடந்ததால், முதலில் கிடைத்த மொத்த வியாபாரி சொன்ன ரேட்டுக்கே எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதாயிற்று. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இருந்த வித்தியாசம் வண்டி வாடகைக்கே சரியாகப் போய்விட்டது. ஆகவே இந்த வழிகாட்டியை, வாங்குவதிலிருந்து தொடங்காமல் விற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

வாங்குவதற்கு முன்னால் விற்கும் இடம்

ஒரு கிலோகூட வாங்குவதற்கு முன்னால், உங்கள் பகுதியிலிருந்து வண்டி போய்வரக்கூடிய தொலைவில் உள்ள மூன்று மொத்தக் கடைகளுக்காவது நேரில் சென்று வாருங்கள். பேப்பரும் அட்டையும் எடுப்பவர், இரும்பு எடுப்பவர், பிளாஸ்டிக் எடுப்பவர் என்று பெரிய கடைகள் தனித்தனியாகவே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்துக்கொள்பவர் வேலையைச் சுலபமாக்குவார், ஆனால் ஏதாவது ஒரு பொருளில் ரேட்டைக் குறைத்தே தருவார். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்றைய ரேட்டு என்ன, எந்த நிலையில் இருக்கும் சரக்குக்கு அந்த ரேட்டு, ஈரம், குப்பை என்று எடையில் கழிவு எவ்வளவு பிடிப்பீர்கள். மூன்றாவது கேள்வியைப் புதியவர்கள் கேட்பதே இல்லை. அட்டைக்குக் கிலோவுக்கு ஐம்பது காசு கூடுதலாகச் சொல்லும் கடைக்காரர் நூறு கிலோவுக்குப் பத்து கிலோ ஈரக் கழிவு பிடித்தால், குறைந்த ரேட்டு சொல்லி மூன்று கிலோ மட்டும் பிடிப்பவரிடம் கொடுப்பதே உங்களுக்கு லாபம் தரக்கூடும்.

ரேட்டு ஏன் ஏறி இறங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதை வைத்திருக்கலாம், எதை உடனே தள்ள வேண்டும் என்று தீர்மானிக்க முடியும். செம்பு, அலுமினியம், பித்தளை ஆகியவற்றின் விலை லண்டன் உலோகச் சந்தையின் விலையையும் ரூபாயின் மதிப்பையும் ஒட்டி நாளுக்கு நாள் மாறும். இரும்பு, அதை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகளின் தேவையைப் பொறுத்தது. சென்னைப் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி உருக்காலைகள் எடுக்கும் வேகம் குறைந்தால், சில நாள்களிலேயே நம் தெரு வரைக்கும் ரேட்டு இறங்கிவிடும். அட்டையின் விலையைக் காகித ஆலைகள் தீர்மானிக்கின்றன. வெளிநாட்டிலிருந்து கழிவுக் காகிதம் மலிவாக வந்தால் உள்ளூர் அட்டையைக் கேட்பார் இருக்க மாட்டார்கள். விலை ஏறும் என்று காத்திருப்பது, சிறிய இடத்தை அடைக்கும் செம்புக்கும் பித்தளைக்கும் மட்டுமே பொருந்தும்.

மொத்த வியாபாரி சிலர், சரக்கு வாங்குவதற்கு உங்களுக்கு முன்பணம் தருவதாகச் சொல்வார்கள். முதலீடு இல்லாதவருக்கு அது பெரிய உதவியாகத் தோன்றும். ஆனால் முன்பணம் வாங்கியவர் வேறு கடைக்குச் சரக்கைக் கொண்டுபோக முடியாது, ரேட்டைப் பற்றிப் பேசவும் முடியாது. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்து எடுத்தால், மாதம் 4,000 கிலோ போடுபவருக்கு அது மாதம் 4,000 ரூபாய் வட்டி கட்டுவதற்குச் சமம். என் கருத்தில், 15,000 ரூபாய் சொந்தப் பணத்தை வைத்துக்கொண்டு குறைவாக வாங்கி அடிக்கடி விற்பது இதைவிட நல்லது.

வீடுகளிலும் கடைகளிலும் எடுப்பது

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சரக்கு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் சேரும். குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பார்த்து, மாதத்தின் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையை நிரந்தரமாக்கிக் கேளுங்கள். அன்றைய ரேட்டை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, முந்தைய நாளே அவர்களுடைய அறிவிப்புப் பலகையில் வைத்துவிடுங்கள். ரேட்டைச் சொல்லாமல் முதலில் எடை போட்டால், பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேரம் பேசுவதிலேயே அரை நாள் கழிந்துவிடும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பல குடியிருப்புகளில் தினமும் சேரும் அட்டைப் பெட்டிகளையும் பாட்டில்களையும் பிரித்தெடுத்து விற்பது அங்குள்ள துப்புரவுப் பணியாளர்களின் சிறு வருமானம். அதை நீங்கள் சங்கத்திடம் பேசி எடுத்துக்கொள்ள முயன்றால் அவர்கள் வயிற்றில் அடித்தவராவீர்கள், உங்கள் வேலையும் நடக்காது. நான் அவர்களிடமே போய், "அக்கா, நீங்க சேத்து வைங்க, வாரா வாரம் நானே வந்து எடை போட்டுக் காசு கொடுத்துடறேன்" என்று பேசி வைத்திருக்கிறேன். அவர்கள் காயவைத்துப் பிரித்துத் தரும் சரக்கு, வீடுகளிலிருந்து நேரடியாக வருவதைவிடச் சுத்தமாக இருக்கிறது.

கடைகள் வேறு வகை. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் அட்டை தினமும் விழும், ஆனால் அவர்களுக்கு இடம் கிடையாது. குறித்த நேரத்துக்கு வருகிறவருக்கு ஒரு ரூபாய் குறைவாகவும் கொடுப்பார்கள், இரண்டு நாள் வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தாளுக்கு அட்டையைவிட நல்ல விலை உண்டு. அதைச் செய்தித்தாளோடு கலந்துவிடாமல் தனிச் சாக்கில் கட்டுங்கள். டீக்கடைப் பால் கவருக்கும் விலை உண்டு, ஆனால் கழுவிக் காயவைத்துத் தர ஒப்புக்கொண்டால் மட்டும் எடுங்கள். கழுவாத கவர் இரண்டே நாளில் நாற்றமெடுத்து, எலியைக் கொண்டுவந்து, பக்கத்தில் அடுக்கியிருக்கும் பேப்பரையும் கெடுத்துவிடும்.

எடை

கையில் தூக்கிப் பிடிக்கும் சிறிய கொக்கித் தராசை மட்டும் நம்பித் தொழில் நடத்தாதீர்கள். கை ஆடும்போது எண்ணும் ஆடும், பார்ப்பவருக்கு நம்பிக்கை வராது. 100 கிலோ வரை காட்டும் மேடைத் தராசு ஒன்றை வாங்கி, எடையளவுச் சட்டப்படி முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் பார்க்கிறார்.

முத்திரை போட்ட 10 கிலோ எடைக்கல் ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் தராசைச் சமதரையில் வைத்தபின், முதலில் அந்தக் கல்லை நடுவிலும் பிறகு நான்கு மூலைகளிலும் வைத்துக் காட்டுங்கள். ஒரு மூலையில் மட்டும் எண் குறைந்தால் மேடையின் கீழ் ஏதோ சிக்கியிருக்கிறது அல்லது தரை சரியில்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குறைந்தால் தராசைப் பழுது பார்க்க வேண்டும். பேட்டரி இறங்கிய தராசில், சரக்கை எடுத்த பிறகும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் சில நூறு கிராமில் நிற்கும். அதைக் கவனிக்காமல் நாள் முழுவதும் எடை போட்டால் நட்டம் உங்களுக்கோ வீட்டுக்காரருக்கோ, யாருக்கேனும் ஒருவருக்கு நிச்சயம். சாக்கோடு எடை போட்டால், முதலில் வெறும் சாக்கை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள்.

விற்கும்போது நீங்கள் எடை போடப்படுபவராக மாறுகிறீர்கள். புறப்படும் முன் ஒவ்வொரு கட்டையும் உங்கள் தராசில் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வண்டியோடு எடை மேடையில் ஏற்றினால், சரக்கோடு ஒருமுறையும் காலியாக ஒருமுறையும் எடுத்துக் கழிப்பார்கள். இரண்டு முறையும் ஓட்டுநர் உள்ளே இருக்க வேண்டும், அல்லது இரண்டு முறையும் வெளியே நிற்க வேண்டும். ஒரு கடையில் சரக்கோடு எடை எடுக்கும்போது ஓட்டுநரை இறங்கச் சொன்னார்கள். காலி வண்டியை எடுக்கும்போது அவர் இருக்கையிலேயே இருந்தார். என் சரக்கில் 65 கிலோ காணாமற் போனதை, வீட்டுக்கு வந்து என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டபோதுதான் கண்டுபிடித்தேன். மேலும், எடை மேடைகள் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோப் படிகளில்தான் காட்டும் என்பதால், 300 கிலோவுக்குக் குறைந்த சரக்கை அதில் போடாமல் சாதாரண மேடைத் தராசில் போடும்படி கேளுங்கள்.

கையில் பிடித்துத் தெரிந்துகொள்வது

அட்டையில் ஏமாறுவது தண்ணீரால். மேலே காய்ந்தும் நடுவில் நனைந்தும் இருக்கும் கட்டை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கட்டின் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் ஈரம். ஓர் அட்டையை உருவி மடியுங்கள். காய்ந்தது சடக்கென்று ஓசையுடன் மடியும், நனைந்தது ஓசையின்றித் துணிபோல் வளையும். எவ்வளவு கழிவு பிடிப்பது என்று தகராறு வந்தால், 100 கிராம் துண்டை அறுத்து ஒரு நாள் வெயிலில் போட்டு மறுபடி எடை பாருங்கள். அது 85 கிராம் ஆனால், நீங்கள் 100 கிலோ வாங்கியதில் ஏறத்தாழ 15 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். மழைக்காலத்தில் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்து பார்த்தால், கையாலேயே ஈரத்தை மதிப்பிடப் பழகிவிடும்.

உலோகத்துக்கு ஒரு காந்தமும் ஓர் அரமும் போதும். காந்தம் இறுக்கமாக ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு வகை. எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் அது நிக்கல் கலந்த நல்ல ரகமாக இருக்கலாம். ஒட்டினால் விலை குறைந்த ரகம் என்று தனியே போடுங்கள். மேலே வெள்ளையாகப் பளபளக்கும் தண்ணீர்க் குழாயை, அதன் மரைப் பகுதியில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால், மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளை தெரிந்தால் துத்தநாகக் கலவை. இரண்டின் விலைக்கும் பெரிய இடைவெளி உண்டு.

பழைய மின்விசிறியில் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். உள்ளே சுற்றியிருக்கும் கம்பி செம்பு நிறத்தில் தெரிவதால் செம்பு என்று எண்ணி விலை கொடுத்துவிடுவார்கள். அந்த நிறம் கம்பியின் மேல் பூசிய வார்னிஷின் நிறமாகவும் இருக்கலாம். ஓர் இழையை வெளியே இழுத்துக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி போல் வெளுத்துத் தெரிந்தால் அது அலுமினியம். சுரண்டிப் பார்க்காமல் எந்த மோட்டாருக்கும் செம்பு விலை கொடுக்காதீர்கள். மின்கம்பியின் உறையைக் கழற்ற அதை எரிக்கவும் வேண்டாம். புகை நச்சு, அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள், எரிந்து கறுத்த செம்புக்கு ரேட்டும் குறைவு. கத்தியால் கீறி உரித்தெடுத்த செம்பே நல்ல விலை போகும்.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1 என்பது பெட் பாட்டில், 2 கெட்டியான எண்ணெய் கேன் வகை, 3 பிவிசி, 5 டப்பா, மூடி போன்றவை. எண் அழிந்திருந்தால் ஒரு சிறு துண்டை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். 2, 4, 5 ஆகிய வகைகள் மிதக்கும், பெட்டும் பிவிசியும் மூழ்கும். மூழ்குவதில் பிவிசியைக் கட்டாயம் தனியே எடுத்துவிட வேண்டும். பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகிச் சரக்கு முழுவதையும் கெடுத்துவிடும் என்பதால், மூட்டையில் இரண்டு மூன்று பிவிசித் துண்டுகளைக் கண்டாலே வாங்குபவர் ரேட்டைக் குறைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

அறுபது வீட்டுக் குடியிருப்பு ஒன்றிலும் வழியிலுள்ள மூன்று கடைகளிலும் ஒரு நாள் எடுத்த சரக்கை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ரேட்டுகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். அந்த இடத்தில் உங்கள் ஊரின் அன்றைய ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்தித்தாள் 140 கிலோ, வாங்கியது 12 ரூபாய், விற்றது 15 ரூபாய், மிச்சம் 420. அட்டை 90 கிலோ, வாங்கியது 7, விற்றது 10, நூற்றுக்கு ஐந்து கழிவு போக மிச்சம் 225. இரும்பு 40 கிலோ, வாங்கியது 24, விற்றது 28, மிச்சம் 160. அலுமினியம் 3 கிலோ, வாங்கியது 110, விற்றது 135, மிச்சம் 75. பிளாஸ்டிக் கலப்பாக 30 கிலோ, 10 ரூபாய் வீதம் 300 ரூபாய்க்கு வாங்கியது. பிரித்தபோது டப்பா, கேன் 12 கிலோ 22 ரூபாய்க்கும், பெட் பாட்டில் 10 கிலோ 25 ரூபாய்க்கும், கறுப்புப் பிளாஸ்டிக் 5 கிலோ 8 ரூபாய்க்கும் போயின, 3 கிலோ குப்பை. ஆக 554 ரூபாய் வந்து, மிச்சம் 254.

அன்று முடங்கிய முதலீடு 3,900 ரூபாய், மொத்த மிச்சம் 1,134 ரூபாய். அதில் சரக்கு ஆட்டோவின் அரை நாள் வாடகை 400, உதவியாளின் அரை நாள் கூலி 300, மாதம் 6,000 ரூபாய் அறை வாடகையில் ஒரு நாள் பங்கு 200 போனால், கையில் நிற்பது 234 ரூபாய். விற்கக் கொண்டுபோகும் வண்டிச் செலவு இன்னும் சேரவில்லை. அதே 30 கிலோ பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் கலப்பாக 12 ரூபாய்க்குத் தள்ளியிருந்தால் மிச்சம் 60 ரூபாய்தான். அதாவது ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பிரித்ததில்தான் அந்த நாளின் லாபத்தில் பெரும்பகுதி வந்திருக்கிறது. அதே போல, குடியிருப்பும் கடைகளும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்து, மீன்பாடி வண்டியிலேயே எடுத்துவர முடிந்தால், 400 ரூபாயில் பெரும்பகுதி மிச்சமாகும். தொலைவில் இருக்கும் பெரிய குடியிருப்பைவிட, நடந்து போகும் தொலைவில் இருக்கும் நான்கு சிறியவை எனக்கு அதிகம் தந்திருக்கின்றன.

இடம்

மேலே சொன்ன சரக்கையே இப்போது அறைக்குள் வைத்துப் பாருங்கள். அடுக்கிக் கட்டிய 140 கிலோ செய்தித்தாள் ஏறத்தாழ 11 கன அடி இடத்தில் அடங்கிவிடும். மடித்த அட்டை 90 கிலோவுக்கு 32 கன அடி வேண்டும். நசுக்காத பெட் பாட்டில் வெறும் 10 கிலோவுக்கு 16 கன அடி போய்விடும், ஏனென்றால் ஒரு கிலோவுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட ஒரு லிட்டர் பாட்டில்கள் ஏறும். மற்றப் பிளாஸ்டிக்குக்கு 20, இரும்புக்கும் அலுமினியத்துக்கும் 5 என்று வைத்தால், ஒரு நாள் சரக்குக்கு 84 கன அடி ஆகிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழு அடி உயரம் வரை அடுக்கினால் 840 கன அடி. நடக்கவும் பிரிக்கவும் தராசு வைக்கவும் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டால் மிஞ்சுவது 560. இப்படிப்பட்ட நாள்கள் ஆறேழு வந்தால் அறை நிறைந்துவிடும். என் முதல் அறை ஏன் இரண்டு வாரத்தில் மூச்சுமுட்டியது என்பது, இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

எனவே எதை எப்போது அனுப்புவது என்பதை, கிலோவுக்கு எவ்வளவு லாபம் என்று பார்க்காமல், அது அடைக்கும் இடத்துக்கு எவ்வளவு லாபம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இந்தக் கணக்கில் செய்தித்தாள் ஒரு கன அடிக்கு 38 ரூபாய் தருகிறது, அட்டை 7 ரூபாய், பெட் பாட்டில் 9 ரூபாய். செய்தித்தாள் மாதக் கடைசிவரை காத்திருக்கலாம். அட்டையை ஒரு வண்டி நிறைந்தவுடன் அனுப்பிவிட வேண்டும். டாடா ஏஸ் போன்ற சிறு வண்டியில் அட்டையை ஐந்தடி உயரம் அடுக்கினால் சுமார் 160 கன அடி, அதாவது ஐந்து நாள் அட்டை, ஏறும். வண்டி 750 கிலோ தாங்குவதாக இருந்தாலும் அட்டை 450 கிலோவைத் தாண்டாது, இடம்தான் முதலில் தீர்ந்துபோகும். அட்டை கொஞ்சம் குறைவாக ஏறினாலும் பரவாயில்லை என்று அடியில் இரும்பை ஒரு வரிசை போட்டு, இரண்டையும் ஒரே பயணத்தில் அனுப்பினால் வண்டிச் செலவு பங்கிடப்படும், இரண்டு கடைகளும் ஒரே வழியில் இருக்கும் பட்சத்தில். பெட் பாட்டிலின் மூடியைக் கழற்றி, மிச்சத் தண்ணீரைக் கொட்டி, காலால் மிதித்து நசுக்கிச் சாக்கில் அடைத்தால் மூன்றில் ஒரு பங்கு இடமே போதும். மூடியைக் கழற்றாமல் மிதித்தால் உள்ளே காற்று நின்று மறுபடி உப்பிக்கொள்ளும்.

பேப்பரைத் தரையில் நேரடியாக வைக்காமல், மரச்சட்டத்தின் மேலோ செங்கல் மேல் போட்ட பலகையின் மேலோ அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், சென்னைச் சுவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் நீர் கசியும். மின்சுவிட்சுக்குக் கீழே அட்டை அடுக்கவே கூடாது. பவர் பேங்க், செல்போன் பேட்டரி போன்றவை நசுங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். குப்பையோடு வந்து சேர்ந்தால் மணல் நிரப்பிய இரும்பு வாளியில் போட்டு, அறைக்கு வெளியே வைத்து, மின்னணுக் கழிவைப் பெறப் பதிவுபெற்ற இடத்தில் ஒப்படையுங்கள். கார் பேட்டரியை உடைக்காதீர்கள், உள்ளே இருப்பது அமிலமும் ஈயமும். டியூப் லைட், ஊசிகள் கலந்த மருத்துவக் குப்பை, எரிவாயு உருளை ஆகியவற்றை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

கடைசியாக, அறைக்குள் வரும் இரும்பு, செம்பு, அலுமினியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேட்டில் தேதி, கொடுத்தவர் பெயர், கைப்பேசி எண், எடை, கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பாதாளச் சாக்கடை மூடி, மின்வாரியக் கம்பி, ரயில்வே இரும்பு ஆகியவற்றை யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். ரயில்வே சொத்துக்கு 1966-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் இரவு பத்து மணிக்குப் பத்துக் கிலோ புதுச் செம்புக் கம்பியைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, ரேட்டைக்கூடக் கேட்காமல் "எவ்வளவோ கொடுங்க அண்ணே" என்று நின்றால், தராசை வெளியே எடுக்காதீர்கள்.